ஒரே நீளப் பக்கமா, தனித்தனிப் பக்கங்களா?

உணவுப் பாதுகாப்பு ஆலோசகர் ஒருவருக்கு இணையதளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் ISO 22000 முதன்மைத் தணிக்கையாளர் சான்றிதழ், மூன்று சேவைகள், நான்கு உரைத் தலைப்புகள்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கினால் வேலை சீக்கிரம் முடியும், பராமரிப்பும் சுலபம். சேவை ஒன்றுதான், மேடை அனுபவம் இன்னும் இல்லை என்றால் இதுவே போதும்.

ஆனால் இவருடைய தளத்துக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். தொழிற்சாலை முதலாளிக்குச் சேவையும் சான்றும் வேண்டும். கருத்தரங்கு நடத்துபவருக்கு வேண்டியது வேறு: உரைத் தலைப்பு, எத்தனை நிமிடம், யாருக்கானது, அழைப்பிதழில் போட 50 சொல் அறிமுகம், அச்சுக்கு ஏற்ற புகைப்படம். ஒரே பக்கத்தில் `#speaking` என்று இணைப்புக் கொடுக்கலாம். சரி, ஆனால் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முன்னோட்டத்தில் முகப்பின் தலைப்பும் படமும்தான் வரும். # குறிக்குப் பின்னால் இருப்பது சர்வருக்கே போவதில்லை. `/speaking` தனிப் பக்கமானால் அதற்கென்று தலைப்பும் படமும் வைக்கலாம். கூகுள் தேடலிலும் ஒவ்வொரு சேவையும் தன் பெயரிலேயே வர வாய்ப்புண்டு.

சான்றிதழ்களுக்கு மட்டும் தனிப் பக்கம் வேண்டாம், யாரும் தேடிப்போய்ப் படிப்பதில்லை. வழங்கிய அமைப்பு, செல்லுபடியாகும் ஆண்டு இரண்டையும் சேர்த்து உரிய சேவையின் அருகிலேயே போடுங்கள்.

இவருக்கு என் தேர்வு முகப்பு, மூன்று சேவைப் பக்கங்கள், `/speaking`. சேவைப் பக்கம் ஏதாவது நாலு வரியைத் தாண்டவில்லை என்றால், அதை முகப்பிலேயே சேர்த்துவிடலாம்.