62,000 ரூபாய்க்கு ஒரு பூட்டு, சாமான் மட்டும் திண்ணையில்

கோபத்தில்தான் எழுதுகிறேன், கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபிப் பக்கம் பதினேழு வருடமாகப் பிளஸ் டூ அக்கவுண்டன்சி டியூஷன் எடுக்கிறேன். அந்தியூர், பவானி பக்கத்துப் பிள்ளைகள் ராத்திரி பஸ் கிடைக்காமல் திண்டாடுகிறார்களே என்று பாடங்களை வீடியோவாக எடுத்து, ஆளுக்கொரு லாகின் கொடுத்து, சொந்தமாக ஒரு வெப்சைட் வைக்கலாம் என்று கிளம்பினேன். அதில் 62,000 ரூபாய் போய்விட்டது.

செய்துகொடுத்தது ஈரோட்டில் ஒரு மாடிக்கடை. பிளெக்ஸ் பேனரும் அடிப்பார்கள், கல்யாணப் பத்திரிகையும் போடுவார்கள், வெப்சைட்டும் செய்வார்கள், அந்த மாதிரிக் கடை. பெயர் வேண்டாம். நடத்துகிற தம்பிக்குக் கவுந்தப்பாடிப் பக்கம் ஊர், என் அப்பாவைத் தெரியும் என்றான். வீட்டுக்கு வரும்போது இரண்டு கிலோ நாட்டுச்சர்க்கரை கொண்டுவந்தான், நானும் காப்பி போட்டுக்கொடுத்தேன். அங்கேயே பாதி விழுந்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது.

மீதிப் பாதி அவன் காட்டிய வேடிக்கையில் விழுந்தது. சைட் முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து, லாகின் செய்யாமலே ஒரு பாடத்தின் பக்கத்துக்குப் போனான். “பெயரும் பாஸ்வேர்டும் போடு” என்று திரை மறித்தது. “பாருங்க மிஸ், காசு கட்டாம ஒருத்தரும் உள்ள வர முடியாதுங்க, ரைட் கிளிக் கூட வேலை செய்யாதுங்க” என்றான். மவுஸை அமுக்கிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ஆகா என்று, முன்பணம் 30,000 போக மீதி 32,000-ஐயும் அப்போதே ஜிபேயில் போட்டேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பக்கத்துக்குப் பூட்டு இருக்கிறது, வீடியோவுக்கு இருக்கிறதா?

மூன்று மாதம் கழித்து ஒரு மாணவியின் அம்மா கூப்பிட்டு, “மிஸ், எங்க நாத்தனா புள்ள உங்ககிட்டச் சேரவே இல்லீங்களே, ஆனா உங்க பாடத்தப் பாத்துட்டு இருக்கறா, இலவசமாக் குடுக்கறீங்களா?” என்று கேட்டார். வாட்ஸப்பில் சுற்றிய சுட்டியை எனக்கும் அனுப்பினார். சைட் முகவரிக்குப் பின்னால் இப்படி இருந்தது:

```
/wp-content/uploads/2025/06/lesson14.mp4
```

தொட்டேன். லாகினும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, கூட்டாளி சேர்ப்பு பாடத்தை நானே நடத்திக்கொண்டு நிற்கிறேன். ஒரு சந்தேகத்தில் 14-ஐ 15 என்று மாற்றிப் போட்டேன். இன்னும் பிள்ளைகளுக்கே திறந்துவிடாத கூட்டாளி விலகல் பாடம் ஓடுகிறது! நற்பெயருக்கு மதிப்புக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுக்கிறவள் நான், என் நற்பெயர் ஊர் முழுக்க இலவசமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கோவையில் இதே வேலையில் இருக்கும் என் அண்ணன் மகன்தான் விளக்கினான். சைட் வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் கட்டுகிற மென்பொருளில் செய்தது. யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது வேர்ட்பிரஸ்ஸின் வேலை, அது பாடத்தின் பக்கத்தை மட்டும்தான் காக்கும். வீடியோவை மீடியா லைப்ரரியில் சும்மா ஏற்றினால் அது uploads என்ற ஃபோல்டரில் வருடம், மாதம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஃபைலின் முகவரியை யார் கேட்டாலும் சர்வர் நேரே எடுத்துக் கொடுத்துவிடும், வேர்ட்பிரஸ்ஸைக் கேட்கவே கேட்காது. “கதவுக்குப் பூட்டப் போட்டுட்டுச் சாமானத் திண்ணைல வெச்ச மாதிரிங்க அத்தை” என்றான். ரைட் கிளிக்கை மறித்தது வெறும் கண்துடைப்பாம். பணம் கட்டிய ஒரு பையன் கம்ப்யூட்டரில் Ctrl+U அமுக்கினால் பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற கோடு முழுக்கத் தெரியும், அதில் வீடியோ முகவரியும் கிடக்கும். ஒருத்தன் எடுத்தால் போதுமே.

முறையாகச் செய்கிறவர்கள் வீடியோவை அதற்கென்று உள்ள தனி இடத்தில் வைத்து, லாகின் செய்த பிள்ளைக்குக் கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிற முகவரியாகக் கொடுப்பார்களாம். அதை வாட்ஸப்பில் போட்டாலும் சிறிது நேரத்தில் செத்துவிடும். அப்போதும் இன்னொரு போனால் திரையைப் படம் பிடிப்பதை யாராலும் தடுக்க முடியாது, வீடியோ மேல் அந்தப் பிள்ளையின் போன் நம்பர் மங்கலாக ஓடும்படி வைத்தால் யார் வேலை என்றாவது தெரியும். இதையெல்லாம் 62,000 வாங்கினவன் சொல்லியிருக்க வேண்டாமா?

கேட்டேன். முதல் நாள், “பிரவுசர் கேஷ்ஷா இருக்குமுங்க மிஸ், கிளியர் பண்ணிப் பாருங்க.” இரண்டாம் நாள், “சர்வர்காரங்க பிரச்சனைங்க.” அப்புறம் ஒரு வாரம் போனே எடுக்கவில்லை, ஊரில் நோம்பியாம். நோம்பி முடிந்து நேரில் போய் என் போனிலேயே ஓட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு, “நீங்க கேட்டது லாகின்தானுங்க மிஸ், வீடியோ செக்யூரிட்டி தனிங்க, அது ஒரு 40,000 ஆகும்” என்கிறான். பக்கத்தில் பேனர் வெட்டிக்கொண்டிருந்த பையன் தலையைக் குனிந்து சிரிக்கிறான். 62,000 கொடுத்தவள் நின்றுகொண்டு கேட்கிறேன், அவன் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்கிறான்.

சரி, சைட்டை வேறு ஆளிடம் கொண்டுபோகலாம் என்றால் அடுத்த இடி. சைட்டின் பெயரை, அதாவது டொமைனை, அவன் தன் ஈமெயிலில், தன் கணக்கில் பதிந்திருக்கிறான். வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டுமென்றால் அந்தக் கணக்கிலிருந்து ஒரு ரகசியக் குறியீடு எடுத்துத் தர வேண்டும், அதற்கு 15,000 கேட்கிறான். நான் அடித்த நோட்டீசிலெல்லாம் அந்தப் பெயர்தான் இருக்கிறது. வீடியோக்களை மட்டும் அண்ணன் மகன் இறக்கிக் கொடுத்தான், திறந்துதானே கிடக்கிறது, அந்த ஒரு வசதிதான் மிச்சம்.

1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். பேச்சு எல்லாம் வாய்வார்த்தை, கையில் இருப்பது ஜிபே ரசீது இரண்டும் அவன் வாட்ஸப்பில் போட்ட “ஃபுல் செக்யூர்ங்க மிஸ்” என்ற ஒரு வரியும்தான்.

செய்ய நினைக்கிறவர்களுக்கு என்ன சொல்ல, நிறைய எழுத நினைத்தேன். முதலில் டொமைனை உங்கள் ஈமெயிலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் குரோமில் F12 அமுக்கி, நெட்வொர்க் என்ற இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாடத்தை ஓட்டுங்கள். mp4 என்று முடிகிற முகவரி வந்தால் அதை நகலெடுத்து லாகின் செய்யாத இன்காக்னிட்டோ ஜன்னலில் போடுங்கள். அங்கேயும் ஓடினால் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். யூடியூபில் அன்லிஸ்டட் போட்டு ஒட்டித் தருகிறேன் என்றாலும் இதே கதைதான், சுட்டி கிடைத்தவன் எவனும் பார்ப்பான். ஒரு லாகினை ஐந்து பேர் பயன்படுத்தினது தனிக்கதை, அதை எழுத இப்போது நேரமில்லை, ஏழு மணி பேட்ச் வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்கிறது.