இருநூறு எழுத்துக்குள் ஒரு வேண்டுகோள்: லிங்க்ட்இன் இணைப்புக் குறிப்பில் இரண்டு ஆண்டுகள்

சேர விரும்பும் நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு அலுவலர்களுக்கு லிங்க்ட்இன்னில் இணைப்பு அழைப்போடு சேர்ந்து போகும் குறிப்பு எழுதத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கட்டணமில்லாக் கணக்கில் ஒரு குறிப்புக்கு 200 எழுத்துகள்தான் இடம். மாதத்துக்குச் சில குறிப்புகளே அனுப்ப முடியும் என்பதால், யாருக்கு எழுதுவது என்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. தமிழில் எழுதினால் இன்னும் நெருக்கடி: ‘கி’ என்பதை லிங்க்ட்இன் இரண்டு எழுத்தாக எண்ணுகிறது.

என் முதல் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் இருந்தன: “வணக்கம். உங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பொருத்தமான வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்.” சிலர் இணைப்பை ஏற்றார்கள், பதில் எழுதியவர் ஒருவரும் இல்லை. காரணம் பின்னால்தான் புரிந்தது. ‘பொருத்தமான வாய்ப்பு’ எது என்று தேடும் வேலையை நான் அவர் தலையில் கட்டியிருந்தேன். ஒரே நேரத்தில் பல பணியிடங்களைக் கவனிக்கும் அவருக்கு, என் பெயரை எந்தப் பணியோடு சேர்த்துப் பார்ப்பது என்றே தெரிந்திருக்காது.

இப்போது எழுதுவது இப்படி:

“வணக்கம். டேட்டா அனலிஸ்ட் பணிக்கு (எண் 4417) நேற்று விண்ணப்பித்தேன். நான்கு ஆண்டுகளாகச் சில்லறை வணிகத்தில் விற்பனைக் கணிப்பு செய்து வருகிறேன். இந்தப் பணியை நீங்கள்தான் கவனிக்கிறீர்களா?”

பணி எண் இருப்பதால் அவர் என் விண்ணப்பத்தை உடனே தேடி எடுக்கலாம். அனுபவத்தைச் சொல்லும் வரியை நான் நினைத்தபடி எழுதுவதில்லை. பணி அறிவிப்பில் முதலில் கேட்டிருக்கும் தகுதியைப் பார்த்து, அதே சொல்லால் எழுதுகிறேன். அறிவிப்பில் ‘விற்பனைக் கணிப்பு’ என்றிருந்தால் ‘தரவுப் பகுப்பாய்வு’ என்று பொதுவாகச் சொல்வதில்லை. கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஒருவர் “நான் வேறு பிரிவு, இதைப் பார்ப்பவர் என் சக ஊழியர்” என்று எழுதி, பெயரையும் கொடுத்தார். முந்தைய குறிப்புகளால் ஒருநாளும் கிடைக்காத தகவல் அது.

சுயவிவரத்தைக் குறிப்பில் திணிக்கவே கூடாது. இணைப்பை ஏற்ற பிறகு செய்தியாக அனுப்பினால் இடமும் தாராளமாக உண்டு.

கைபேசிச் செயலியில் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன். இணைப்புப் பொத்தானை அவசரமாக அழுத்தியதில் குறிப்பே இல்லாமல் அழைப்பு போய்விட்டது. அனுப்பியதில் பிறகு குறிப்பைச் சேர்க்க வழியில்லை. திரும்பப் பெற்றால் அதே நபருக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது. அதற்குள் அந்தப் பணி அறிவிப்பையே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து குறிப்பைத் தனியே எழுதி, எழுத்துகளை எண்ணிப் பார்த்துவிட்டு, கணினியில் திறந்துதான் அனுப்புகிறேன்.