ஒரே கட்டுரைக்கு 84, 11: இரண்டு ஏஐ கண்டறியும் கருவிகளோடு ஓராண்டு

கிள்ளானில் டியூஷன் எடுக்கும் தோழி போன வாரம் மாணவன் ஒருவனின் ஆங்கிலக் கட்டுரையை அனுப்பி, "அக்கா, ஒண்ணு 84ன்னு காட்டுது, இன்னொண்ணு 11ன்னு காட்டுது. எதை நம்புறது?" என்று கேட்டாள். பிரிக்பீல்ட்ஸில் என் வகுப்புக்காக அதே இரண்டு ஏஐ கண்டறியும் கருவிகளையும் ஓராண்டாக வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு மாதச் சந்தா, மற்றது இலவசம்.

என் கோபமெல்லாம் அந்தச் சதவீதக் குறியின் மேல்தான். இரண்டும் ஒரே குறியைப் போட்டு வேறு வேறு சங்கதியைச் சொல்கின்றன. சந்தாக் கருவி காட்டிய 84 என்பது இந்தக் கட்டுரை ஏஐ எழுதியதாக இருக்கும் என்பதில் கருவிக்கு உள்ள நிச்சயம். இலவசக் கருவி காட்டிய 11 என்பதோ ஏஐ எழுதியதாக அது கருதும் வாக்கியங்களின் பங்கு. எண்ணிப் பார்த்தேன்: 28 வாக்கியங்களில் மூன்றுக்கு மஞ்சள் பூசியிருந்தது. மூன்றுமே எஸ்பிஎம் தேர்வுக்காகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் தொடக்க, முடிவு வரிகள்.

அடுத்து எந்தச் சொல் வரும் என்று எளிதில் ஊகிக்க முடிகிற எழுத்தை இவை சந்தேகிக்கின்றன. மனப்பாட வரி அப்படித்தான் இருக்கும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களின் எழுத்தும் பெரும்பாலும் அப்படியே. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை ஏஐ என்றே வந்தன.

அதனால் நானே சோதித்தேன். சாட்ஜிபிடி 2022 நவம்பரில்தான் வந்தது. என்னிடம் 2019 மாணவர்களின் நோட்டுகள் இருந்தன. அவற்றிலிருந்து 20 கட்டுரைகளைப் பிழை திருத்தாமல் தட்டச்சு செய்தேன். அதே தலைப்புகளில், அதே நீளத்தில் சாட்ஜிபிடியிடம் 20 வாங்கினேன். சந்தாக் கருவிக்கு 50-ஐயும் இலவசத்துக்கு 20-ஐயும் எல்லையாக வைத்தேன்; அதற்கு மேல் வந்தால் ஏஐ என்று கணக்கு. சந்தாக் கருவி ஏஐ கட்டுரைகளில் 17-ஐப் பிடித்தது, ஆனால் பிள்ளைகள் எழுதியதில் நான்கின் மேல் பழி போட்டது. இலவசம் 11-ஐப் பிடித்தது, பழி ஒன்றுதான்.

இப்படியே வைத்து எது மேல் என்று சொல்ல முடியாது. ஒன்று கண்டிப்பான எல்லையில் நிற்கிறது, மற்றது தளர்வான எல்லையில். பழியைச் சமமாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். சந்தாக் கருவியின் எல்லையை 50-லிருந்து ஏற்றிக்கொண்டே போனேன். 93-இல் பழி ஒன்றாகக் குறைந்தது, அப்போதும் 14-ஐப் பிடித்தது. ஆக, பணம் வாங்கும் கருவியே மேல். 20 கட்டுரை சின்னக் கணக்குதான், 14-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். எங்கள் பிள்ளைகளின் ஆங்கிலத்தில் சோதித்தது என்பதால் எனக்கு இது போதும்.

தோழியின் மாணவனுக்கு வந்த 84 அந்த எல்லைக்குக் கீழே இருக்கிறது. அவனைக் கேள்வி கேட்க அது காரணமாகாது என்று சொல்லிவிட்டேன்.

சந்தாவை இந்த மாதத்தோடு நிறுத்துகிறேன். பழி விழுந்த அந்த நான்கில் ஒன்று, ஒரு பெண் தன் பாட்டி இறந்த நாளைப் பற்றி என் முன்னால் உட்கார்ந்து எழுதியது. அதற்கு 91 வந்தது.