சப்டைட்டில் போட்டுத் தருகிறேன் என்று சொல்பவரிடம் நடுப்பகுதியைக் காட்டச் சொல்லுங்கள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு ஆயாவிடம் 42 நிமிடம் பேட்டி எடுத்திருந்தேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்ததைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசினார். அவர் மகளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அம்மா இவ்வளவு விவரமாகப் பேசியதை அவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சப்டைட்டில் போட நினைத்தேன்.

பேட்டியை முழுக்கத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். ஆனால் அது வெறும் எழுத்துதான், எந்த வரி எந்த நொடியில் வருகிறது என்பது அதில் கிடையாது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் போட்டு எஸ்ஆர்டி ஃபைலாக்க வேண்டும். புதுச்சேரியில் வீடியோ எடிட்டிங் செய்யும் ஒருவர் நிமிடத்துக்கு 40 ரூபாய் கேட்டார், மொத்தம் 1,680. நான்கு நாளில் கூப்பிட்டார். அவர் கடையில் உட்கார்ந்து முதல் இரண்டு நிமிடம் பார்த்தேன். ஆயாவின் வாய் அசைவதும் எழுத்து வருவதும் அப்படியே பொருந்தியது. "கடைசியையும் பாருங்க தம்பி" என்று கடைசி அரை நிமிடத்தையும் ஓட்டிக் காட்டினார். அதுவும் சரியாக இருந்தது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆயா வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். பதினோராவது நிமிடத்தில் மகள் வீடியோவை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். அப்புறம் தன் போனில் டைப் செய்து என்னிடம் நீட்டினார்: "சித்தி போனதச் சொல்லிட்டு அம்மா ஏன் சிரிக்கிறாங்க?"

ஆயா சிரித்தது வேறு விஷயத்துக்கு. அன்று காலை மீன் கூடைக்காகத் தங்கையோடு சண்டை போட்டதைச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 19 நொடி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் தங்கையைப் பற்றிய அந்த வரியைச் சொன்னார். ஃபைலிலோ அது சிரிப்பின் மேலேயே வந்து நின்றது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து ஃபைலை நோட்பேடில் திறந்தேன். அந்த இடம் இப்படி இருந்தது:

```
169
00:11:08,000 --> 00:11:12,000
கூடைய அவ புடுங்க நான் புடுங்க ஒரே ரகளை

170
00:11:12,000 --> 00:11:16,000
தங்கச்சிய அதுக்கப்புறம் நான் பாக்கவே இல்ல
```

மேலேயும் கீழேயும் ஓட்டிப் பார்த்தேன். 32ஆவது துண்டிலிருந்து 631 வரை எல்லாமே சரியாக நான்கு நொடி. மில்லி நொடி இடத்தில் எல்லாவற்றிலும் 000. "ஆமா" என்ற ஒற்றைச் சொல்லுக்கும் நான்கு நொடி, இரண்டு வரி முழுக்க நிரம்பிய பேச்சுக்கும் நான்கு நொடி. அவர் செய்தது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. முதல் இரண்டு நிமிடத்தில் உள்ள 31 துண்டுகளைக் காதால் கேட்டுக் கையால் போட்டிருக்கிறார். மிச்சம் 40 நிமிடம், அதாவது 2,400 நொடி. மிச்சம் 600 துண்டுகள். வகுத்தால் நான்கு. மீதியை ஒருவரும் கேட்கவே இல்லை. இப்படி வகுத்தால் கடைசித் துண்டு வீடியோவின் முடிவில் தானாகவே போய் உட்காரும். அதனால்தான் அவ்வளவு தைரியமாகக் கடைசியைக் காட்டினார்.

போன் செய்தேன். "அது ஃப்ரேம் ரேட் பிரச்சினை தம்பி, பிளேயர்லயே கொஞ்சம் டிலே வச்சுக்குங்க" என்றார். இந்தப் பதிலை நம்பிவிடாதீர்கள். சப்டைட்டில் முழுக்க ஒரே அளவு முந்தியோ பிந்தியோ வந்தால் மொத்தமாக நகர்த்திச் சரிசெய்யலாம். ஃப்ரேம் ரேட் தவறாக இருந்தால் விலகல் சீராகக் கூடிக்கொண்டே போகும், அதையும் இழுத்தோ சுருக்கியோ சரிசெய்யலாம். என் ஃபைலில் 169ஆவது துண்டு 4 நொடி முந்தி வருகிறது, அடுத்ததே 23 நொடி முந்தி வருகிறது. முப்பதாவது நிமிடத்தில் நானும் ஆயாவும் மாறி மாறி வேகமாகப் பேசுகிறோம், அங்கே எழுத்து 14 நொடி பிந்தி வருகிறது. ஓரிடத்தில் முந்தி, இன்னோரிடத்தில் பிந்தி வந்தால் எந்த டிலேயும் அதைச் சரிசெய்யாது. ஆள் பேசாமல் இருக்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்காததன் விளைவு இது. இதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார், அதன் பிறகு எடுக்கவில்லை.

நானே உட்கார்ந்தேன். எழுத்தையும் ஒலியையும் பொருத்தித் தரும் `aeneas` என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நம் எழுத்தை அது இயந்திரக் குரலில் படிக்க வைத்து, அந்த ஒலியை நம் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு நேரம் போடும். தமிழுக்கும் வேலை செய்கிறது. 42 நிமிடத்தை ஒரே மூச்சில் கொடுக்காமல், என் கேள்வி தொடங்கும் இடங்களாகப் பார்த்து எட்டாக வெட்டினேன். ஒரு பகுதியில் தப்பு வந்தால் அது அடுத்த பகுதிக்குத் தொற்றாது. எழுத்தை, ஆயா மூச்சு விடும் இடம் பார்த்து, வரிக்கு ஒரு துண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டேன். ஒரு பகுதிக்கான கட்டளை இது:

```
python -m aeneas.tools.execute_task p3.wav p3.txt "task_language=tam|is_text_type=plain|os_task_file_format=srt" p3.srt
```

ஒன்று சொல்லிவிட வேண்டும், இதுவும் முழு வேலையைச் செய்துவிடாது. நாம் தனியாகச் சொல்லாவிட்டால் மௌனத்துக்கு இடம் விடாமல், அதை முன் துண்டோடோ பின் துண்டோடோ ஒட்டிவிடும். நான்காவது பகுதியில் "சரி, அப்புறம்?" என்ற துண்டு 31 நொடி நீண்டிருந்தது. கேட்டுப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஏதோ கேட்க, ஆயா அவரோடு பேசியிருக்கிறார். தட்டச்சு செய்யும்போது அதைத் தேவையில்லை என்று நானே விட்டிருந்தேன். ஒலியில் இருப்பது எழுத்தில் இல்லையென்றால் அந்த நேரமெல்லாம் ஏதாவது ஒரு துண்டின் தலையில்தான் விழும். இரண்டு மூன்று சொல் மட்டும் உள்ள துண்டு பத்து நொடிக்கு மேல் நின்றால் அங்கே போய்க் கேளுங்கள்.

பிறகு ஒவ்வொரு பகுதியின் நேரங்களோடும் முழு வீடியோவில் அது தொடங்கும் நேரத்தைக் கூட்டி, எட்டையும் ஒன்றாக்கி, சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் ஒலி அலையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் நகர்த்தினேன். மூன்று மாலைகள் ஆயின. அந்த இடம் இப்போது இப்படி இருக்கிறது:

```
169
00:11:12,100 --> 00:11:15,900
கூடைய அவ புடுங்க நான் புடுங்க ஒரே ரகளை

170
00:11:35,200 --> 00:11:38,400
தங்கச்சிய அதுக்கப்புறம் நான் பாக்கவே இல்ல
```

நடுவில் திரையில் எழுத்தே கிடையாது, ஆயாவின் முகம் மட்டும். மகளுக்கு மறுபடி போட்டுக் காட்டியபோது இந்த முறை நிறுத்தச் சொல்லவில்லை.

வெளியே கொடுக்கத்தான் வேண்டுமென்றால், பணம் கொடுப்பதற்கு முன் மூன்று இடங்களை நீங்களே சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்: ஒரு நீண்ட மௌனம் முடிந்து பேச்சு தொடங்கும் இடம், இருவர் வேகமாக மாறி மாறிப் பேசும் இடம், அப்புறம் சரியாக நடுப்பகுதியில் ஏதாவது ஒரு நிமிடம். எந்த இடங்கள் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். ஃபைலையும் நோட்பேடில் திறந்து ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். ஒரே இடைவெளியில் நேரம் ஏறிக்கொண்டே போனால், கையிலிருக்கும் பணத்தை அப்படியே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். அந்த 1,680 ரூபாய் எனக்கு இன்றுவரை திரும்பி வரவில்லை.