தொலைவில் இருப்பவரைப் பேட்டி எடுக்க எது நல்லது: அழைப்பைப் பதிவதா, அவரவர் பக்கம் பதிவதா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியும் முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடியது, மழை நாளில் வேலை இல்லாமல் லயத்தில் உட்கார்ந்திருந்தது, சாவு வீட்டில் பாடிய ஒப்பாரி எல்லாம் அவர் நினைவில் அப்படியே இருக்கிறது. நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். வாராவாரம் ஊருக்குப் போக முடியாது. அதனால் தொலைபேசி வழியாகவே அவரைப் பேச வைத்துப் பதிவு செய்கிறேன். இதற்காக மூன்று வழிகளை முயன்று பார்த்துவிட்டேன்.

முதல் வழி எல்லோரும் செய்வது: வீடியோ அழைப்பில் பேசி, அந்த அழைப்பையே பதிவு செய்வது. பெரியம்மா பேசியவரை குறை தெரியவில்லை. ஒப்பாரி பாடத் தொடங்கியதும் குரல் விட்டுவிட்டு வந்தது. நெட் மோசம் என்றுதான் முதலில் நினைத்தேன். காரணம் வேறு. அழைப்புச் செயலிகள் பேச்சைக் கடத்துவதற்காகச் செய்யப்பட்டவை. மின்விசிறி இரைச்சல் போல ஒரே சீராக நீடிக்கும் ஒலியை இரைச்சல் என்று கருதி அடக்கிவிடும். இழுத்துப் பாடும் ராகமும் அவற்றுக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரிகிறது. இப்படி அடங்கிப்போன ஒலியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சூம் செயலியில் ஒவ்வொருவருக்கும் தனி ஒலிக்கோப்பு பதியும் வசதி இருக்கிறது. கோப்புகள் தனித்தனியாக வந்தாலும், எதிர்ப்பக்கக் குரல் இணையம் வழியாகச் சுருங்கி வந்து சேர்ந்த அதே குரல்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் பிரித்துத் திருத்தலாம். அதற்கு மேல் தரம் கூடாது.

இரண்டாவது, உலாவியில் இயங்கும் பேட்டிப் பதிவுத் தளங்கள். இவை அவரவர் கணினியிலேயே ஒலியைப் பிடித்து, பேசிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக மேலேற்றிவிடும். இரண்டு பக்கமும் மடிக்கணினியும் நிலையான இணைப்பும் இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன், ஏனென்றால் இரண்டு பக்க ஒலித்தடங்களையும் நேரம் பிசகாமல் பொருத்தும் வேலையைத் தளமே பார்த்துக்கொள்ளும். பெரியம்மா வீட்டில் இருப்பதோ கைப்பேசி டேட்டா மட்டும். பேச்சு முடிந்த பிறகும் மேலேற்றம் ஓடிக்கொண்டிருக்கும், அது முடியும் முன் பக்கத்தை மூடிவிட்டால் கடைசிப் பகுதி போய்விடலாம். பேசி முடித்ததும் அடுப்படிக்கு எழுந்து போகிறவரிடம் இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அதனால் நான் நிலைத்தது மூன்றாவது வழியில். ஒவ்வொரு பக்கமும் இரண்டு கைப்பேசி. ஒன்றில் வாட்ஸ்அப் அழைப்பு, இன்னொன்றில் குரல் பதிவு மட்டும். ஒரே கைப்பேசியில் இரண்டையும் செய்யலாமே என்று ஊரில் இருக்கும் தம்பி மகன் கேட்டான். அழைப்பு நடக்கும்போது மைக் அழைப்புக்குத்தான் போகும். ஆண்ட்ராய்டில் பதிவுச் செயலி ஓடுவது போலத் தெரியும், கோப்பைத் திறந்தால் உள்ளே அமைதிதான் இருக்கும். ஆகவே இரண்டாவது கைப்பேசி கட்டாயம். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. அதை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்கிறேன்.

அழைப்பைக் காதுக்கருவியில் கேட்பதும் அவ்வளவு முக்கியம். ஸ்பீக்கரில் வைத்தால் என் கேள்வியும் பெரியம்மாவின் பதிவில் விழும். தடங்களைச் சேர்க்கும்போது என் ஒவ்வொரு கேள்வியும் இரட்டிப்பாகக் கேட்கும். பெரியம்மா ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்வார், அது போதும்.

இனி பொருத்துவது. நான் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவேன், மூன்றில் இரு பக்கமும் கை தட்டுவோம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டு கோப்பையும் ஏற்றினால் கைதட்டல் ஊசி போல நிற்கும். இரண்டையும் நேர்க்கோட்டில் நகர்த்தி வைத்தால் தொடக்கம் பொருந்திவிடும். எண்ணுவது யார் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. என் 'மூன்று' பெரியம்மாவுக்குச் சற்றுப் பிந்தித்தான் கேட்கும், அவரும் பிந்தித்தான் தட்டுவார். இரண்டு தட்டலையும் ஒன்றாக வைக்கும்போது, அவர் காதில் நான் எப்போது கேட்டேனோ அந்தக் கணக்கில் உரையாடல் அமைந்துவிடும். அவர் பதில்கள் இயல்பான வேகத்தில் வரும். போக வர இணையம் தின்ற நேரம் முழுவதும் என் அடுத்த கேள்விக்கு முன்னால் இடைவெளியாக நிற்கும், அதை வெட்டுவது சுலபம். எனவே பேட்டி எடுப்பவரே எண்ண வேண்டும்.

தொடக்கத்தைப் பொருத்தினால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் முதல் பேட்டியைச் சேர்த்தேன். நாற்பது நிமிடம் கடந்தபோது, நான் கேட்டு முடித்த பிறகு பெரியம்மா வழக்கத்துக்கு மாறாகத் தயங்கிப் பதில் சொல்வது போல இருந்தது. அவர் தயங்கவில்லை, அவருடைய தடம் நழுவியிருந்தது. ஒவ்வொரு கைப்பேசியின் உள் கடிகாரமும் ஒரு துளி வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளியே பெரும்பாலும் கால் நொடிக்குள்தான். நழுவல் அதை நெருங்கினால் காது கண்டுகொள்ளும்.

நழுவலை அளக்கக் கடைசியிலும் ஒரு கைதட்டல் வைத்தேன். அதை முழுக்க நம்ப முடியாது, ஏனென்றால் இணையத்தின் தாமதம் ஒரு மணி நேரத்தில் மாறியிருக்கலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது என் கைப்பேசியையும் பெரியம்மாவுடையதையும் ஒரே மேசையில் வைத்து, ஒரு மணி நேரம் சேர்த்துப் பதிந்தேன். தொடக்கத்திலும் முடிவிலும் தட்டிய ஒரே தட்டல் இரண்டு கைப்பேசியிலும் பதிந்தது. என்னுடையதில் இரண்டு தட்டலுக்கும் இடையே 3,600.000 நொடி. அவருடையதில் 3,600.216. அதாவது மணிக்கு 216 மில்லிநொடி. பேட்டியின் கடைசித் தட்டல் 290 மில்லிநொடி காட்டியது. மீதி 74 இணையமும் கையும் சேர்ந்து செய்தவை.

இதற்காக முழுத் தடத்தையும் 0.006 சதவீதம் வேகப்படுத்தலாம். நான் அப்படிச் செய்வதில்லை. பெரியம்மா மூச்சு வாங்கும் இடம் எங்காவது கிடைக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அந்த அமைதியில் 72 மில்லிநொடியை அவர் தடத்தில் மட்டும் வெட்டிவிடுவேன். பாட்டின் மேல் கை வைக்கத் தேவையில்லை. இந்தக் கணக்கு இந்த இரண்டு கைப்பேசிகளுக்கு மட்டும்தான். ஒன்று மாறினாலும் மறுபடி மேசைச் சோதனை வேண்டும்.

இந்த வழியின் உண்மையான பலவீனம் மறதி. பதிவுப் பொத்தானை அழுத்தாமல் போனால் ஒன்றும் மிஞ்சாது. அதனால் கணினியில் அழைப்பையும் ஓரமாகப் பதிந்துவைக்கிறேன், ஒன்றும் இல்லாததற்கு அதுவாவது இருக்கும். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்பச் சொல்ல வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தட வேவ் கோப்பு மணிக்கு ஏறக்குறைய 346 மெகாபைட் வரும். டேட்டா குறைவாக இருக்கும் மாதத்தில் அவசரப்படுத்த மாட்டேன். தம்பி மகன் டவுனுக்குப் போகும்போது வைஃபை உள்ள கடையில் உட்கார்ந்து அனுப்பிவிடுவான்.

இவ்வளவு செய்தும் தகரக்கூரையில் மழை விழுந்தால் அதுவும் தெளிவாகவே பதியும். பேராக்கில் பிற்பகல் மழை அடிக்கடி வரும் என்பதால் இப்போது காலை பத்து மணிக்கு முன்பே அழைத்துவிடுகிறேன்.