ஒரே கிரெடிட் கார்டுல தொழில் செலவும் வீட்டுச் செலவும்: சில வருஷமா நான் பிரிச்சுட்டு வர்ற முறை

ஃப்ரீலான்ஸ் டிசைன் வேலை பண்றேன், கார்டு ஒண்ணுதான், அதுலயே சாஃப்ட்வேர் சப்ஸ்கிரிப்ஷனும் போகும் வீட்டுக்கு வாங்குற சாமானும் போகும். வரி கணக்குல எதைக் கழிக்கலாம் எதைக் கழிக்கக் கூடாதுன்னு பிரிக்க ஆட்டோமேட்டிக் ஆப்பும் கொஞ்ச நாள் யூஸ் பண்ணேன், அப்புறம் சொந்தமா ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டு சில வருஷமா அதுலயே ஓட்டிட்டு இருக்கேன். இப்ப அது நல்லா செட் ஆயிடுச்சு, அதான் எது தாக்குப்பிடிச்சுது எது சொதப்பும்னு எழுதலாம்னு.

முதல்ல ஆப்ப ஏன் விட்டேன்னு சொல்லிடறேன். அந்த மாதிரி ஆப்புங்களும் பேங்க்கோட செலவு சார்ட்டும் பெரும்பாலும் கடையப் பாத்துதான் வகை பிரிக்கும். ஒவ்வொரு கடைக்கும் கார்டு நெட்வொர்க்ல ஒரு நாலு இலக்க வணிகர் கோட் இருக்கும், உதாரணமா 5732ன்னா எலக்ட்ரானிக்ஸ் கடை, 5812ன்னா சாப்பாட்டுக் கடை. அந்தக் கோட் கடைக்குத்தான், நாம வாங்குன பொருளுக்கு இல்ல. எலக்ட்ரானிக்ஸ் கடைல கிளையன்ட் வேலைக்கு மைக்கும் வாங்கலாம், வீட்டு டிவிக்கு கேபிளும் வாங்கலாம், ரெண்டுக்கும் ஒரே 5732தான் விழும். வரிக்கு வேண்டியதோ எதுக்கு வாங்குனோம்ங்கிறது, அத எந்த கோடும் சொல்லாது. அதனால எந்த டூல் வச்சாலும் கடைய மட்டும் பாத்து பிசினஸ், பெர்சனல்னு ரெண்டே டப்பால போட்டா கண்டிப்பா தப்பாகும், மூணாவதா "கலப்பு"ன்னு ஒரு டப்பா வேணும். என் முறை மொத்தமும் இந்த மூணாவது டப்பாவ நம்பித்தான் நிக்குது.

மாசா மாசம் ஸ்டேட்மென்ட்ட சிஎஸ்வியா இறக்கி, ஒரிஜினல ஒரு டேப்ல தொடாம வச்சுடுவேன், காப்பிலதான் வேலை. காலம்னா தேதி, கடைப் பேரு, தொகை, லேபிள், எதுக்குன்னு ஒரு வரி குறிப்பு, பில் ஃபைலோட பேரு, அவ்ளோதான். லேபிள் தானா விழறதுக்கு Rulesனு இன்னொரு டேப்ல முதல் காலம்ல கடைப் பேர்ல இருக்குற ஒரு துண்டு வார்த்தை, ரெண்டாவதுல பிசினஸ், பெர்சனல், கலப்புல ஏதாவது ஒண்ணு. கடைப் பேரு C காலம்ல இருந்தா கூகுள் ஷீட்ஸ்ல இந்த ஃபார்முலா:

```
=ARRAYFORMULA(IFERROR(INDEX(Rules!B$2:B$60,
 MATCH(1,(Rules!A$2:A$60<>"")*
 ISNUMBER(SEARCH(Rules!A$2:A$60,C2)),0)),"பாக்கணும்"))
```

நடுவுல <>"" போட்டிருக்கிறது காரணமாத்தான், Rulesல ஒரு வரி காலியா இருந்தா SEARCH அத எல்லாத்துக்கும் பொருந்துதுன்னு எடுத்துக்கும், அப்புறம் புதுக் கடை எதுவும் "பாக்கணும்"னு மேல வராது, லேபிள் காலியாவோ பூஜ்யமாவோ விழுந்து கண்ல படாமயே போயிடும். இன்னொண்ணு, ஃபார்முலா மேல இருந்து கீழ தேடி முதல்ல பொருந்துறத எடுக்கும், அதனால நீளமான குறிப்பான வார்த்தை மேல, பொதுவான வார்த்தை கீழ இருக்கணும். முழுக் கடைப் பேரையும் ரூலா போடாதீங்க, ஒரே கம்பெனி ஒரு மாசம் ஆர்டர் நம்பரோட வரும், அடுத்த மாசம் பேமென்ட் கேட்வே பேரு முன்னாடி ஒட்டிட்டு வரும், மாறாம வர்ற துண்டு மட்டும் போதும்.

லேபிள் போடறதுக்கு முன்னாடியே செலவே இல்லாத வரிகள தனியா எடுத்துடுவேன். பேங்க்ல இருந்து கார்டு பில் கட்டுனது ஸ்டேட்மென்ட்ல கிரெடிட்டா வரும், பேங்க் அக்கவுன்ட்ல டெபிட்டா வரும், ரெண்டுமே செலவு இல்ல, பணம் இடம் மாறுது அவ்ளோதான். பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் சேத்து கணக்கு போடறவங்க கார்டு பில் தொகையையும் செலவுல சேத்துட்டா ஒரே சாமான் ரெண்டு தடவ கழிஞ்சிடும். தவணைக்கு மாத்துன பொருளும் இதே கதைதான், வாங்குன அன்னிக்கு முழு விலையும் ஒரு தடவ பதிஞ்சாச்சுன்னா மாசா மாசம் வர்ற அசல் புதுச் செலவு இல்ல, அதுல இருக்குற வட்டிய மட்டும் தனிச் செலவா எழுதணும்.

இப்ப கலப்பு டப்பாவுக்கு வரேன், நேரம் போறதும் பணம் நிக்கறதும் இங்கதான். ஆன்லைன் கடைல ஒரே ஆர்டர்ல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் 4,800க்கும் ஒரு பெட்ஷீட் 1,600க்கும் போட்டேன்னு வச்சுக்கோங்க, எந்த நாணயமா வேணா இருக்கட்டும். மொத்தம் 6,400, கூப்பன்ல 640 குறைஞ்சுது, டெலிவரிக்கு 80 கூடுச்சு, கார்டுல விழுந்தது 5,840ன்னு ஒரே வரி. ஸ்டேட்மென்ட்ல டிஸ்க்கும் தெரியாது பெட்ஷீட்டும் தெரியாது, ஆர்டரோட இன்வாய்ஸ எடுத்தாத்தான் தெரியும். இங்க டிஸ்க்கோட விலை 4,800ன்னு அப்படியே பிசினஸ்ல எழுதிடக் கூடாது, ஏன்னா நாம அவ்ளோ கொடுக்கல. 6,400ல டிஸ்க் முக்கால் பங்கு, பெட்ஷீட் கால் பங்கு, அதே விகிதத்துல கூப்பனையும் டெலிவரியையும் பிரிக்கணும். டிஸ்க்குக்கு 4,800ல 480 போய் 60 சேந்து 4,380. பெட்ஷீட்டுக்கு 1,600ல 160 போய் 20 சேந்து 1,460. ரெண்டையும் கூட்டுனா 5,840, கார்டுல விழுந்தது அப்படியே வந்துடுச்சு. ஷீட்ல அந்த ஒரு வரிய ரெண்டு வரியா உடைச்சு ரெண்டுலயும் ஒரே ஆர்டர் நம்பர் போட்டுடுவேன்.

ஆர்டர் நம்பர் எதுக்குன்னு அடுத்த மாசம் தெரியும். பெட்ஷீட் பிடிக்காம திருப்பி அனுப்புறோம், டெலிவரி காசு திரும்பாது, 1,440 ரீஃபண்ட் வருது. கார்டுல அதே கடைப் பேரு, ஒரு கிரெடிட் வரி, வேற விவரம் எதுவும் இருக்காது. ரூல் அத கலப்புன்னு நிறுத்தும், நான் ஆர்டர் நம்பரத் தேடி எந்தப் பொருளுக்குன்னு பாத்து பெர்சனல்ல கழிப்பேன். இந்தக் கடைக்கு ரூல்ல "பிசினஸ்"னு போட்டிருந்தா இந்த 1,440 தொழில் செலவுல இருந்து குறைஞ்சிருக்கும், கழிக்க உரிமை இருக்குற பணத்த நாமளே விட்டுக் கொடுத்த மாதிரி. திருப்பி அனுப்புனது டிஸ்க்கா இருந்து ரீஃபண்ட பெர்சனல்ல போட்டா அது அதவிட மோசம், கையில இல்லாத பொருளுக்கு கழிவு கேக்கறோம்னு ஆகும். ரீஃபண்ட் எப்பவும் முதல்ல வாங்குன வரியோட லேபிளத்தான் எடுக்கணும், எந்த மாசம் வந்தாலும் சரி.

ஃபோன் பில், இன்டர்நெட் மாதிரி பொருளா உடைக்க முடியாததுக்கு சதவீதம்தான். சதவீதம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா காட்ட ஏதாவது இருக்கணும், "பாதி பாதி"ன்னு வாய்ல வந்தத போடறது நிக்காது. நான் ஒரு சாதாரண மாசத்தோட விவரமான பில்ல எடுத்து எது கிளையன்ட் கால், எது வீட்டு கால்னு குறிச்சு அதுல வர்ற சதவீதத்த எழுதி வச்சு வருஷம் முழுக்க அதையே போடறேன். வேலை மாதிரியே மாறுனா மறுபடி அளப்பேன், லாபமா இருக்குன்னு மாசா மாசம் மாத்த மாட்டேன்.

வெளிநாட்டு கரன்சில வர்ற சப்ஸ்கிரிப்ஷன் ஒண்ணு கவனிக்கணும். இன்வாய்ஸ்ல ஒரு கரன்சி, கார்டுல நம்ம கரன்சி, அதுக்குக் கீழயோ ரெண்டு மூணு நாள் தள்ளியோ கன்வர்ஷன் கட்டணம்னு பேங்க் பேர்லயே ஒரு சின்ன வரி, சில சமயம் அந்தக் கட்டணத்து மேல டாக்ஸும் தனியா. சின்னத் தொகைங்கிறதால பலர் பேங்க் சார்ஜுனு பெர்சனல்ல தள்ளிடறாங்க. சப்ஸ்கிரிப்ஷன் தொழிலுக்குன்னா அதோட கட்டணமும் தொழில் செலவுதான், ரெண்டையும் ஒரே குறிப்புல கட்டி வச்சுடுங்க. எழுத வேண்டிய தொகை கார்டுல விழுந்தது, ஆனா இன்வாய்ஸும் கூடவே இருக்கணும்.

லேப்டாப் மாதிரி பெரிய பொருளுக்கு "அசெட்"னு தனி லேபிள் வச்சிருக்கேன், அது பல இடத்துல ஒரே வருஷத்துல முழுசா கழியாது, தேய்மானமா வருஷக் கணக்குல பிரியும். எவ்வளவுக்கு மேல அசெட்டுங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், அத ஆடிட்டர் கிட்ட விட்டுடறேன், என் வேலை அது மத்த செலவோட கலந்துடாம பாத்துக்கறது.

எல்லாம் சரியா இருக்கான்னு தெரிய ஒரே ஒரு செக் பண்றேன், அது இல்லாம மாசத்த மூட மாட்டேன். போன ஸ்டேட்மென்ட் பாக்கி, கூட இந்த மாசச் செலவும் கட்டணமும், கழிச்சா நாம கட்டுனதும் ரீஃபண்டும், வர்றது புது ஸ்டேட்மென்ட் பாக்கியோட கடைசி காசு வரைக்கும் ஒத்துப் போகணும். ஒத்துப் போகலேன்னா உடைச்ச வரிலதான் முதல்ல தேடுவேன், பெரும்பாலும் ஒரிஜினல் வரிய அழிக்காம உடைச்ச வரிகளையும் சேத்து வச்சதா இருக்கும். வித்தியாசம் ஒரு வரியோட தொகைக்குச் சமமா இருந்தா ஒண்ணு விட்டுப் போயிருக்கு இல்ல ரெண்டு தடவ இருக்கு, சரியா ரெண்டு மடங்கா இருந்தா ஒரு ரீஃபண்டோட பிளஸ் மைனஸ் மாறியிருக்கு.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு, அது நிஜமான குறை. குறிப்பு எழுதறத தள்ளிப் போட்டா மொத்தமும் வீண். கார்டு ஸ்டேட்மென்ட் எங்க, எவ்வளவுன்னு மட்டும் சொல்லும், என்ன, எதுக்குன்னு சொல்றது பில்லும் நம்ம குறிப்பும்தான். கடைல கொடுக்குற தெர்மல் பேப்பர் பில்லு கொஞ்ச மாசத்துலயே வெளிறிடும், அதனால வாங்குன அன்னிக்கே ஃபோட்டோ எடுத்து தேதியும் தொகையும் ஃபைல் பேரா வச்சுடறேன். கிளையன்ட்டோட சாப்பிட்ட பில்லுன்னா யாரு, எந்த புராஜெக்ட்னு அன்னிக்கே எழுதணும், வருஷக் கடைசில யோசிச்சா எல்லா சாப்பாடும் ஒரே மாதிரிதான் தெரியும். அப்படி எழுதாம விட்ட வரிய நான் சந்தேகத்தோட பிசினஸ்ல வைக்கறதில்ல, பெர்சனலுக்கு மாத்திடறேன்.

தொழிலுக்குன்னு தனி கார்டே வாங்கிடலாமேன்னு கேப்பாங்க, வாங்குங்க, ரொம்ப நல்லது, கலப்பு டப்பா பாதிக்கு மேல சுருங்கிடும். ஆனா ஒரே ஆர்டர்ல ரெண்டு வகைப் பொருளும், ஃபோன் பில்லும் அப்படியேதான் இருக்கும். வருஷம் மாறுற வாரத்தையும் தனி கார்டு தீர்க்காது: வாங்குன தேதி ஒரு நிதியாண்டுல, ஸ்டேட்மென்ட்ல பதிவான தேதி அடுத்ததுல இருக்கும். சிஎஸ்வில ரெண்டு தேதி காலமும் இருந்தா ரெண்டையும் அழிக்காம வச்சுக்கோங்க, அந்த ஒரு வார வரிகளுக்கு மட்டும் கலர் போட்டு எந்தத் தேதிய எடுக்கணும்னு ஆடிட்டர் கிட்ட கேட்டு, அவர் சொன்னதையே அடுத்தடுத்த வருஷமும் பிடிச்சுக்கோங்க.