300 பிரதி அச்சடிக்க எது கட்டுப்படியாகும்: டிஜிட்டல், ரிசோ, ஆஃப்செட்

சிற்றிதழும் கவிதைத் தொகுப்பும் பல ஆண்டுகளாக இந்த மூன்று முறைகளிலும் அச்சாகி வருவதைப் பார்த்ததில் தெரிந்தது இது: “ஒரு பிரதி என்ன விலை?” என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. “முதல் பிரதி வருவதற்குள் எவ்வளவு செலவாகும், அதன்பின் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு?” என்று இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

64 பக்கச் சிற்றிதழ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே கறுப்பு மட்டும், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள். அட்டையும் பைண்டிங்கும் மூன்றுக்கும் பொது என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. கீழே உள்ள ரேட்டுகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுப் பாருங்கள்.

டிஜிட்டலில் தாளோடு பக்கத்துக்கு 40 பைசா என்றால் பிரதிக்கு 25.60 ரூபாய். பத்து அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் ஏறக்குறைய அதேதான்.

ஆஃப்செட்டில் டெம்மி தாளில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 64 பக்கத்துக்கு நான்கு ஃபாரம், தாளின் இருபுறமும் சேர்த்து எட்டு பிளேட். பிளேட்டுக்கு 350 ரூபாய், ஆயிரம் வரையிலான ஓட்டுக்கூலி பிளேட்டுக்கு 350. மை சீராகும்வரை வீணாகும் தாளையும் சேர்த்தால், முதல் நல்ல பிரதி வருவதற்குள் சுமார் 6,000 ரூபாய் போய்விடும். அதன்பின் பிரதிக்குத் தாள் செலவு 7 ரூபாய்தான்.

ரிசோ இரண்டுக்கும் நடுவில் வருகிறது. பள்ளிகளில் வினாத்தாள் அடிக்கும் அதே இயந்திரம்தான். ஏ3 தாளின் ஒரு புறத்துக்கு ஒரு மாஸ்டர், அதாவது அச்சுக்கான மெல்லிய படித்தாள்; அதில் புத்தகத்தின் நான்கு பக்கம் அடங்கும். ஆக 16 மாஸ்டர். ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் 1,600. பிறகு தாளும் ஓட்டுக்கூலியுமாகப் பிரதிக்கு 14.40.

இந்தக் கணக்கில் ஏறக்குறைய 140 பிரதிவரை டிஜிட்டல் மலிவு. அங்கிருந்து 600 வரை ரிசோ. அதற்கு மேல் ஆஃப்செட். ரிசோ கிடைக்காத ஊரென்றால் டிஜிட்டலும் ஆஃப்செட்டும் 320 பிரதி வாக்கில் சமமாகின்றன. 300 பிரதிக்கு டிஜிட்டல் 25.60, ரிசோ சுமார் 19.75, ஆஃப்செட் 27 ரூபாய்.

ரிசோவின் விலையைப் பார்த்து உடனே முடிவெடுக்க வேண்டாம். முதல் சிக்கல் அளவு. டெம்மி 1/8 புத்தகத்தின் உயரம் 8.5 அங்குலம், ஏ3 தாளில் உயரவாக்கில் இரண்டு பக்கம் அடுக்க 17 அங்குலம் வேண்டும், தாளோ 16.5 அங்குலம்தான். பக்க அமைப்பைத் தொடங்கும் முன்பே அளவை 5.25 × 8 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகு சுருக்கினால் எழுத்தும் சிறுத்துவிடும்.

அடுத்தது மை. ரிசோ மை தாளுக்குள் ஊறித்தான் நிலைக்கிறது, சூட்டில் இறுகுவதில்லை. பளபளப்பான ஆர்ட் தாளில் அது காயவே காயாது. மேப்லித்தோவிலும் பெரிய கறுப்புப் பரப்பு இருந்தால் விரலில் ஒட்டும், எதிர்ப் பக்கத்தில் நிழலாகப் படியும். தாளின் ஒரு புறம் அடித்ததும் உடனே திருப்பிப் போட்டால், தாள் இழுக்கும் உருளையின் தடம் கோடாக விழும். ஓர் இரவு விட்டு மறுபக்கம் அடிப்பதே நல்லது. வெறும் எழுத்தும் கோட்டோவியமும் உள்ள இதழுக்கு ரிசோவை மனதாரப் பரிந்துரைக்கலாம், அந்த மையின் மங்கலான அடர்த்தி அழகாகவே இருக்கும். புகைப்படம் நிறைய உள்ள இதழுக்கு வேண்டாம்.

டிஜிட்டலில் பில் எகிறுவதற்கு அடிக்கடி காரணம், கறுப்பு எழுத்து உண்மையில் கறுப்பாக இல்லாததுதான். வேர்டிலிருந்து வந்த பிடிஎஃப்பில் எழுத்து திரைக்கான RGB வண்ணத்தில் அமைந்த கறுப்பாக இருந்தால் இயந்திரம் அதை வண்ணப் பக்கமாக எண்ணக்கூடும். அக்ரோபாட்டில் Output Preview திறந்து Cyan, Magenta, Yellow மூன்றையும் அணைத்துவிட்டு Black மட்டும் வையுங்கள். எழுத்து வெளிறினால் கோப்பைத் திருத்த வேண்டும். ஆஃப்செட்டுக்கும் இதே சோதனை அவசியம். அங்கே கறுப்பு நான்கு பிளேட்டுகளில் சிதறிவிடும்.

மூன்றுக்கும் பொதுவானது தாளின் இழை. அது முதுகுக்கு இணையாக ஓடாவிட்டால் பசை பட்டதும் பக்கங்கள் அலை அலையாக நெளியும், புத்தகமும் விரிந்து நிற்காது. ஒரு துண்டை ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் குழல்போல் சுருளும்; குழலின் நீளவாக்கில்தான் இழை ஓடுகிறது. வெட்டிய தாளை வாங்கும் டிஜிட்டல் கடைகளில் இதை யாரும் தானாகச் சொல்வதில்லை, கேட்டாக வேண்டும்.

கடைசியாக, விற்காத பிரதி. ஆஃப்செட்டில் 500 அடித்தால் மொத்தம் 9,500 ரூபாய், பிரதிக்கு 19. அதில் 300தான் விற்றது என்றால் விற்ற பிரதி ஒன்றுக்கு 31.67 ஆகிவிடும். அந்த 300ஐ டிஜிட்டலில் அடித்திருந்தால் 7,680 ரூபாயில் முடிந்திருக்கும், தேவைப்பட்டால் இன்னும் 50 அடிக்கவும் அதே 25.60தான்.